ஆய்வுகூடப் படமும் செய்முறை ஏடும்



பிறர் செய்து காட்டிய ஒரு பரிசோதனையை ஒளிப்பதிவில் பார்த்து, அதனைப் படங்களோடும் எச்சரிக்கைகளோடும் படிப்படியாக எழுதிவைப்பது எப்படி என்பதே இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள். எளிய வேலைதானே, பார்ப்பதை எழுதினால் போயிற்று என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த எண்ணத்தால் ஒரு பிள்ளையின் கையில் வடு விழுந்தது. அந்தக் கதையைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

இது புதிய வேலையும் அன்று. இலண்டனில் 1812-ஆம் ஆண்டில், புத்தகம் கட்டும் தொழில் பழகிக்கொண்டிருந்த மைக்கேல் பாரடே என்ற இளைஞர், ஹம்ப்ரி டேவி என்ற பேரறிஞரின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டார். டேவி மேடைமேல் பரிசோதனைகளைச் செய்து காட்டிக்கொண்டே பேசுபவர். பாரடே கேட்டவற்றைக் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் செவ்வனே எழுதினார். கருவிகளின் படங்களையும் வரைந்து சேர்த்தார். தாமே தைத்துக் கட்டி டேவிக்கு அனுப்பிவைத்தார். மறு ஆண்டிலேயே டேவியின் ஆய்வுகூடத்தில் உதவியாளராக அமர்ந்தார். பிற்காலத்தில் அதே பாரடே, 1860-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில், ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு சிறுவர்களுக்கு ஆற்றிய சொற்பொழிவுகளை, வில்லியம் குரூக்ஸ் என்பவர் படங்களுடன் நூலாக்கி 1861-இல் வெளியிட்டார். அன்று நிறுத்திப் பார்க்கவும் திருப்பிப் பார்க்கவும் கருவி கிடையாது. கண்ணும் காதும் கையும்தாம் இருந்தன. இன்று கைப்பேசியில் நூறு முறை திருப்பிப் பார்க்கலாம். ஆயினும் பார்ப்பவன் கண்ணுக்குத் தப்புவன தப்பிக்கொண்டுதான் இருக்கின்றன.

நிற்க. 2019-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டதும், மறு ஆண்டில் கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது பாடங்கள் அதன் வழியாக வீடு தேடி வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்நாள்களில் எங்கள் நைனார்பாளையத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத ஒரு பள்ளியின் வேதியியல் ஆசிரியர், தம் மாணவர்களுக்காக ஒரு செய்முறையைத் தம் கைப்பேசியிலேயே பதிவு செய்தார். அவர் ஒரு காலத்தில் என்னிடம் படித்தவர். பன்னிரண்டாம் வகுப்பில் நீங்கள் செய்யும் தரம் பார்த்தல் அது: தெரிந்த செறிவுள்ள ஆக்சாலிக் அமிலத்தைக் கொண்டு பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலின் செறிவைக் காணுதல். படம் 22 நிமிடம் ஓடியது. கல்வராயன் மலைமேல் உள்ள சில ஊர்களில் கைப்பேசிக்குத் தொடர்பு கிடைப்பதே அரிது. படத்தை அங்கே அனுப்பி என்ன பயன்? “ஐயா, இதைப் படம் போட்ட ஏடாக எழுதித் தாருங்கள். நகல் எடுத்துக் கொடுத்துவிடலாம்” என்று கேட்டார். ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட நல்ல வேலை ஏது? ஒப்புக்கொண்டேன்.

முதலில் படத்தை நிறுத்தாமல் ஒரு முறை பார்த்தேன். பின்னர் ஒரு நோட்டில் மூன்று பத்திகள் கோடிட்டேன். முதற்பத்தியில் நேரம், இரண்டாவதில் கை செய்வது, மூன்றாவதில் வாய் சொல்வது. அரை நிமிடத்துக்கு ஒரு தரம் நிறுத்தி எழுதினேன். இந்த முறை நல்ல முறைதான். இன்றும் இதைத்தான் கையாளுகிறேன். ஆனால் அன்று நான் செய்யத் தவறியது ஒன்று உண்டு: நான்காவதாக ஒரு பத்தி கோடிட்டிருக்க வேண்டும். ‘படத்தில் காணாதது’ என்பது அதன் தலைப்பு. ஏடு எழுதுபவனுடைய உழைப்பில் பாதிக்குமேல் அந்தப் பத்தியில்தான் இருக்கிறது என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன்.

படத்தில் ஆறாவது நிமிடத்தை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் 20 மி.லி. ஆக்சாலிக் அமிலத்தைப் பிப்பெட்டால் எடுத்துக் கூம்புக் குடுவையில் விடுகிறார். பிறகு மேசைமேல் இருந்த புட்டியிலிருந்து ஏறத்தாழ 20 மி.லி. நீர்த்த கந்தக அமிலத்தைச் சேர்க்கிறார். அடுத்த காட்சியில் குடுவையின் கழுத்தில் ஆவி படிந்திருக்கிறது. பியூரெட்டிலிருந்து ஊதாக் கரைசல் சொட்டத் தொடங்கிவிட்டது. நான் கண்டதை அப்படியே எழுதினேன்: “20 மி.லி. நீர்த்த கந்தக அமிலம் சேர்க்க. சூடாக்குக. தரம் பார்க்க.” மூன்று வாக்கியம். மூன்றும் உண்மை. மூன்றும் போதாதவை.

புட்டியில் இருந்த நீர்த்த அமிலம் வானத்திலிருந்து விழுந்ததன்று. ஆசிரியர் முதல் நாளே அதைத் தயாரித்து வைத்திருந்தார். அந்த வேலை படத்துக்கு வெளியே நடந்தது. நகல்கள் போய்ச் சேர்ந்த பள்ளிகளுள் ஒன்றில் நீர்த்த அமிலப் புட்டி காலியாக இருந்திருக்கிறது. பெயர் வேண்டாம், பிழை அந்தப் பள்ளியினுடையது அன்று, என்னுடையது. அலமாரியில் அடர் கந்தக அமிலம் இருந்தது. ஆசிரியர் அடுத்த அறைக்குப் போயிருந்த சிறிது நேரத்தில், ஒரு மாணவன் சோதனைக் குழாயில் கொஞ்சம் அடர் அமிலத்தை எடுத்து அதன்மேல் தண்ணீரை ஊற்றினான். ‘நீர்த்த’ என்றால் நீர் சேர்த்தது என்று அவன் சரியாகத்தான் பொருள் கொண்டான். எதை எதில் சேர்ப்பது என்பதை ஏடு சொல்லவில்லை.

என்ன நடந்தது என்பதைக் கூறுகிறேன். அடர் கந்தக அமிலம் தண்ணீரைப்போல் ஏறக்குறைய 1.84 மடங்கு எடையுள்ளது. மேலே ஊற்றிய தண்ணீர் அதனோடு உடனே கலவாமல் மேலே நிற்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் பெருவெப்பம் பிறக்கும். அந்த மெல்லிய நீர் நொடியில் கொதித்து, அமிலத்தையும் வாரிக்கொண்டு வெளியே தெறிக்கும். அவன் முன்கையில் தெறித்தது. நல்லவேளையாகக் கண்ணில் படவில்லை. அங்கே குழாய் இல்லை. ஆசிரியர் ஓடிவந்து வாளித் தண்ணீரைக் குவளை குவளையாக 20 நிமிடத்துக்குமேல் விடாமல் ஊற்றினார். பிறகு மருத்துவரிடம் கொண்டுபோனார். சோடா உப்பையோ வேறு எதையுமோ தோலில் தேய்க்காமல் தண்ணீரை மட்டும் நிறைய ஊற்றியதே அவர் செய்த பெரிய நன்மை. அமிலத்தைக் காரம் தணிக்கும் என்பது பாடத்தில் உண்மை; தோலின்மேல் அந்தத் தணிப்பே சூட்டைக் கிளப்பும்; தேடி எடுக்கும் நேரமும் வீணாகும். அந்தப் பையன் தேறினான். வடு இருக்கிறது. அவனைப் போய்ப் பார்த்தேன். அவன், “குறிப்பில் எழுதியிருந்ததைத்தான் சார் செய்தேன்” என்றான். கோபத்தோடு சொல்லவில்லை. அதனால்தான் அச்சொல் என்னை விட்டு அகலவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் மீண்டும் படத்தை எடுத்தேன். இம்முறை நான்காவது பத்தியைக் கோடிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். காட்சி எங்கெங்கே வெட்டுப்படுகிறது, பொருள்கள் எங்கிருந்து வந்தன, கையில் இருந்தது அடுத்த நொடி எப்படி மாறியது என்று மட்டும் பார்த்தேன். அத்தகைய இடங்கள் பதினொன்று அகப்பட்டன. ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு ஆசிரியரிடமே போய், “தம்பி, இந்த இடத்தில் என்ன செய்தீர்?” என்று கேட்டேன். பதினொன்றில் இரண்டை அவரே மறந்திருந்தார். கைவந்தவர்களுக்குத் தாம் செய்வது தெரியாது. கை தானாகச் செய்துவிடும்.

நீர்த்த அமிலம் இப்பொழுது ஏட்டில் தனிப் படியாக, முதற்படியாக நிற்கிறது. அதன் வாசகம் இது: ‘இந்தப் படியை ஆசிரியர் மட்டும் செய்வார். கண்ணாடியும் கையுறையும் அணிக. பெரிய முகவையில் ஏறத்தாழ 400 மி.லி. குளிர்ந்த தண்ணீர் எடுத்து, அம்முகவையைத் தண்ணீர் நிறைந்த தொட்டியில் வைக்க. 28 மி.லி. அடர் கந்தக அமிலத்தைச் சிறிது சிறிதாக அத்தண்ணீரில் விட்டுக் கண்ணாடிக் குச்சியால் கலக்குக. முகவை கையால் தொட முடியாத அளவு சுட்டால் நிறுத்திக் காத்திருக்க. நன்றாக ஆறியபின் 500 மி.லி.யாக்கிப் புட்டியில் ஊற்றிப் பெயர் ஒட்டுக. அமிலத்தின்மேல் தண்ணீரை ஒருபோதும் ஊற்றாதே.’ இதனால் கிடைப்பது சுமார் 2 நார்மல் அமிலம். மாணவர் ஏட்டில் ஆசிரியர் வேலையை ஏன் எழுதவேண்டும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். புட்டி எங்கிருந்து வந்தது என்று தெரிந்த மாணவன், புட்டி காலியானால் யாரைக் கேட்பது என்றும் அறிவான்.

அடுத்தது சூடாக்குதல். படத்தில் அது இல்லவே இல்லை, வெட்டுப்பட்டுவிட்டது. ஆனால் இந்தச் செய்முறையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஆக்சாலிக் அமிலமும் பெர்மாங்கனேட்டும் குளிர்ந்த நிலையில் மிக மெல்லத்தான் வினைபுரியும். 60 முதல் 70 பாகை செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். சூடாக்காமல் தொடங்கினால், விட்ட முதற்சொட்டின் நிறமே போகாமல் நிற்கும். மாணவன் முடிவு நிலை வந்துவிட்டது என்று எண்ணி, 1 மி.லி.கூட ஆகாமல் குறித்துக்கொள்வான். கொதிக்கவிட்டாலோ ஆக்சாலிக் அமிலத்தில் ஒரு பகுதி சிதைந்து போகும்; அளவு குறைந்து வரும். ஆகையால் ஏட்டில், ‘கழுத்தின் உட்புறத்தில் ஆவி பனிபோல் படியும் வரை சூடாக்குக, குமிழி கிளம்பிக் கொதிக்க விடாதே, வெப்பமானியில் 60-க்குக் குறையாமலும் 70-க்கு மேற்படாமலும் இருக்கட்டும், வெப்பமானியில் ஒட்டிய சொட்டைச் சிறிது வாலைவடி நீரால் குடுவைக்குள்ளேயே கழுவிவிடுக’ என்று எழுதினேன். சூடான குடுவையை எப்படித் தூக்குவது? ஒரு தாளை நாலாக மடித்துப் பட்டையாக்கிக் கழுத்தைச் சுற்றிப் பிடிப்பது நம் பள்ளிகளின் பழைய வழக்கம். அதற்கு ஒரு சிறு படம் வரைந்தேன்.

சரியாகச் சூடாக்கினாலும் ஒரு வியப்பு உண்டு. முதல் இரண்டொரு சொட்டுகளின் நிறம் சில நொடிகள் தங்கி, பின்னர்தான் மறையும். அதன்பின் விடும் சொட்டுகள் விழுந்த கணமே நிறமிழக்கும். காரணம் இதுதான்: வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே அவ்வினையை விரைவுபடுத்துகிறது. முதற்சொட்டுக்கு அந்த உதவி இல்லை, பின்வருவனவற்றுக்கு உண்டு. இதைச் சொல்லாத ஏடு மாணவனைத் தொடக்கத்திலேயே திகைக்க வைக்கும். படத்தில் ஆசிரியர் இதை அறிந்து மெல்லத் தொடங்குகிறார். ஆனால் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. கை மெல்லத் தொடங்குவது படத்தில் தெரிகிறது. ஏன் என்பது தெரியவில்லை. அதுவும் நான்காவது பத்தியில் சேர்ந்தது. அதன் பக்கத்திலேயே, ‘குடுவைக்குள் பழுப்பு நிறக் கலங்கல் தோன்றினால் அமிலம் போதவில்லை, அல்லது மிக விரைவாக விட்டுவிட்டாய், கொட்டிவிட்டு மீண்டும் தொடங்கு’ என்றும் எழுதினேன். நீர்த்த கந்தக அமிலம் தீர்ந்துபோனால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றலாமா என்று ஒருவன் கேட்கக்கூடும். கூடாது. பெர்மாங்கனேட் அதையும் ஆக்சிஜனேற்றம் செய்து குளோரினை உண்டாக்கும். தானும் செலவாகி அளவைக் கூட்டிக் காட்டும்.

படத்தில் இருந்தும் ஏட்டில் எழுதக் கூடாதது ஒன்று இருந்தது. ஆசிரியர் பிப்பெட்டை வாயில் வைத்து உறிஞ்சினார். என் காலத்தில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். ஆனால் ஆக்சாலிக் அமிலம் நச்சுப்பொருள். நான் தயங்கித் தயங்கி அவரிடம் சொன்னேன். “இருபது வருஷமாகச் செய்கிறேன், ஐயா. ஒன்றும் ஆனதில்லையே” என்றார். “உமக்கு ஆகாது, தம்பி. கரைசல் மட்டம் எங்கே வந்துவிட்டது என்று உம் நாக்குக்கு முன்பே கண்ணுக்குத் தெரியும். முதல் நாள் பிப்பெட் பிடிப்பவனுக்குத் தெரியாது” என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு தாமே ரப்பர் குமிழைப் பொருத்தி உறிஞ்சும் காட்சியை மட்டும் மறுபடி பதிவு செய்து அனுப்பினார். ஏட்டின் படம் அதிலிருந்து வரைந்தது. பிறர் செய்முறையை எழுதும்போது மாற்ற வேண்டியது தோன்றினால், செய்தவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள், கேட்காமல் விட்டும்விடாதீர்கள்.

இனிப் படங்களைப் பற்றிக் கொஞ்சம். முதலில் கைப்பேசியில் காட்சியை நிறுத்தி அப்படியே ஒளிப்படமாக அச்சிட்டேன். நகல் எடுத்தபோது ஊதாக் கரைசல் கருப்பாயிற்று. ஆசிரியரின் சட்டையும் கருப்பாயிற்று. பியூரெட் எது, பின்னால் இருந்த சன்னல் கம்பி எது என்று தெரியவில்லை. ஆகவே ஒளிப்படத்தின்மேல் மெல்லிய தாளை வைத்து வேண்டிய கோடுகளை மட்டும் ஒற்றி எடுத்தேன். ஒரு படத்துக்கு ஒரு செயல் என்று வைத்துக்கொண்டேன். மொத்தம் ஒன்பது படங்கள் வந்தன.

ஒற்றி எடுக்கும்போது இரண்டு பொறிகள் இருந்தன. படம் ஆசிரியருக்கு எதிரே இருந்து எடுக்கப்பட்டது. இடக்கையால் பியூரெட்டின் திருகைப் பிடித்து வலக்கையால் குடுவையைச் சுழற்றுவது முறை. எதிரே இருந்து பார்ப்பவனுக்கு அந்த இடக்கை வலப்புறத்தில் தெரியும். அப்படியே வரைந்தால், செய்பவன் படத்தில் உள்ளபடி கைகளை மாற்றி வைத்துக்கொண்டு தடுமாறுவான். ஆதலால் ஒவ்வொரு படத்தையும் செய்பவனுடைய தோளுக்குப் பின்னால் இருந்து பார்ப்பதுபோல் திருப்பி வரைந்தேன். எனக்கு ஓவியம் வராது. என் பேத்தியை பியூரெட்டுக்குப் பதில் ஓர் ஊதுகுழலைப் பிடித்து நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்துத்தான் வரைந்தேன்.

மற்றொன்று அளவு பார்க்கும் காட்சி. கைப்பேசி சற்று உயரத்தில் இருந்தது. பியூரெட்டில் எண்கள் மேலிருந்து கீழ்நோக்கி ஏறுபவை. மேலிருந்து பார்த்தால் கரைசல் மட்டம் மேலே உள்ள கோட்டோடு பொருந்துவதுபோல் தோன்றும்; உண்மையில் 20.0 இருக்க, 19.8 என்று காட்டும். இடமாறு தோற்றப் பிழை என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். அந்தக் காட்சியை ஒற்றி எடுத்திருந்தால் பிழையையே ஏட்டில் பதித்திருப்பேன். கண்ணையும் மட்டத்தையும் ஒரே நேர்கோட்டில் காட்டிப் புதிதாக வரைந்தேன். பெர்மாங்கனேட் அடர்ந்த நிறமுடையது. அதன் பிறையின் அடிவிளிம்பு தெரியாது. மேல்விளிம்பைத்தான் பார்க்க வேண்டும். மற்றக் கரைசல்களில் அடிவிளிம்பைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது மாறுபாடு. ஆகவே பிறையை மட்டும் பெரிதாக வரைந்து அம்புக்குறி இட்டேன். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே விளிம்பையே பார்க்க வேண்டும் என்பதையும் குறித்தேன்.

முடிவு நிலையின் நிறத்தைக் கறுப்பு வெள்ளைப் படத்தில் எப்படிக் காட்டுவது? காட்ட முடியாது. ‘வெளிர் இளஞ்சிவப்பு’ என்று எழுதினால், ஒருவன் ரோசாப்பூவை நினைப்பான், ஒருவன் பீட்ரூட்டை நினைப்பான். ஆகவே ஒரு சிறு வழி செய்தேன். இன்னொரு கூம்புக் குடுவையில் 40 மி.லி. வாலைவடி நீர் எடுத்து அதில் ஒரே ஒரு சொட்டுப் பெர்மாங்கனேட் விட்டு, வெள்ளைத் தாள்மேல் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். சோதனைக் குடுவை அந்த நிறத்தை அடைந்து, கலக்கியபின்னும் 30 நொடி நிலைத்தால் அதுவே முடிவு. மேலும் விட்டு அடர் சிவப்பாக்கினால் அளவு மிகும்.

எச்சரிக்கைகளை எங்கே வைப்பது என்பதில் நான் முதலில் செய்த பிழை எல்லோரும் செய்வது. முதற்பக்கத்தில் பன்னிரண்டு எச்சரிக்கைகளை வரிசையாக எழுதியிருந்தேன். ‘கவனமாகச் செய்க’ என்பது அவற்றுள் ஒன்று! அதைப் படித்து எந்தக் கை எந்தப் பக்கம் விலகும்? இப்பொழுது முதற்பக்கத்தில் இருப்பவை இரண்டே: கண்ணாடி அணிதல், தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுதல். குழாய் இல்லாத பள்ளியில் இரண்டு வாளி நிறைய நீர் வைத்த பின்பே தொடங்க வேண்டும். மற்றவை அந்தந்தப் படிக்கு முன்னால், கட்டமிட்டு நிற்கின்றன. ‘முன்னால்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். ‘குடுவையைத் தூக்குக. அது சுடும், எச்சரிக்கை’ என்று எழுதினால், முதல் வாக்கியத்தைப் படிக்கும்போதே கை போய்விடும். ‘குடுவை சுடும், தாள்பட்டை சுற்றி, கழுத்தைப் பிடித்துத் தூக்குக’ என்றால் சரி. ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று செய்திகள்: என்ன ஆகும், ஏன் ஆகும், ஆகிவிட்டால் உடனே என்ன செய்வது. இவற்றுள் ஏன் என்பதை விட்டுவிடலாமே என்பார்கள். அந்த மாணவனுக்கு, தண்ணீர் அமிலத்தின்மேல் நின்று கொதிக்கும் என்று தெரிந்திருந்தால், யாரும் தடுக்காமலே அவன் கை நின்றிருக்கும்.

ஏடு எழுதி முடிந்ததும், படத்தைப் பார்த்திராத ஒரு மாணவியிடம் கொடுத்து, அவளுடைய ஆசிரியர் உடனிருக்கச் செய்யச் சொன்னேன். நான் ஒரு நாற்காலியில் வாய் திறக்காமல் அமர்ந்தேன். வாய் திறக்காமல் இருப்பது, முப்பது ஆண்டு பாடம் நடத்தியவனுக்கு எளிதன்று! அவள் எங்கே தயங்கினாலும் அந்த வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தேன். அவளுக்கு முதல் அளவு 19.9 மி.லி. வந்தது, இரண்டாவது 20.2, மூன்றாவது 20.2. முதலாவது ஏன் குறைந்தது? அவள் கையில் குற்றமில்லை. பியூரெட்டில் கரைசல் ஊற்றிய புனலை எடுக்காமலே தொடங்கியிருந்தாள். புனலின் தண்டில் தங்கியிருந்த சொட்டுகள் நடுவில் உள்ளே விழுந்து மட்டத்தை உயர்த்தின. ஆகவே செலவு குறைவாகத் தெரிந்தது. இரண்டாம் முறை ஆசிரியர் கண்ணால் காட்ட, புனலை எடுத்தாள். படத்தைத் திருப்பிப் பார்த்தேன். மூன்றாம் நிமிடத்தில் புனல் இருக்கிறது. அடுத்த காட்சியில் இல்லை. வெட்டுக்குள் போய்விட்டது! பதினொன்று என்று எண்ணியிருந்தேன், இது பன்னிரண்டாவது.

அவளுடைய கணக்கையும் ஏட்டின் கடைசிப் பக்கத்தில் மாதிரியாகச் சேர்த்தேன். 100 மி.லி.யில் 0.63 கிராம் படிக ஆக்சாலிக் அமிலத்தைக் கரைத்தால் 0.1 நார்மல். அதில் 20 மி.லி.க்கு 20.2 மி.லி. பெர்மாங்கனேட் செலவாயிற்று. இருபதை 0.1-ஆல் பெருக்கி 20.2-ஆல் வகுத்தால் 0.099 நார்மல். ஒத்து வந்த இரண்டு அளவுகளையே கணக்கில் கொள்ளவேண்டும், 19.9-ஐயும் சேர்த்துச் சராசரி பார்க்கலாகாது. அந்த 19.9-ஐ நான் அடிக்காமல் அட்டவணையில் அப்படியே விட்டு, பக்கத்தில் ‘புனல் எடுக்கப்படவில்லை’ என்று எழுதியிருக்கிறேன். புனலை எடுக்கும் படிக்கும் ஒரு படம் வந்துவிட்டது. இப்பொழுது படங்கள் பத்து.

திருத்திய ஏட்டின் முதல் நகலைக் கையில் வடு உள்ள அந்த மாணவனுக்குக் கொடுத்தேன். அவன் முதற்படியை இரண்டு முறை படித்தான். பிறகு பென்சிலை எடுத்து, ‘400 மி.லி. தண்ணீர்’ என்ற இடத்தில் ‘முதலில்’ என்ற சொல்லை மேலே எழுதிச் சேர்த்தான். அடுத்த நகல்களில் அந்தச் சொல்லும் இருக்கிறது.